பெயரே குறிப்பாக: பஞ்சதந்திரக் கதைமாந்தர் பெயர்களும் அவற்றின் பயணமும்

பெயர்ச்சொல்லை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பகுத்துக் காண்பது நன்னூலார் மரபு. காரணம் ஏதுமின்றி வழங்கிவருவது முன்னது. ஒரு காரணம் பற்றி அமைவது பின்னது. வழக்கில் உள்ள சொற்களுக்காக வகுக்கப்பட்ட இந்தப் பாகுபாடு, நீதிக்கதைகளில் வரும் பெயர்களை ஆராய்வதற்கும் பெரிதும் துணைசெய்கிறது. கதையாசிரியன் தன் மாந்தருக்குப் பெயரிடும்போது காரணத்தோடுதான் இடுகிறான். ஆனால் அக்காரணத்தை அவன் எடுத்துரைப்பதில்லை. கதை வேறொரு மொழிக்குச் செல்லும்போது பெயரின் ஒலி மட்டும் சென்று, காரணம் பின்தங்கிவிடக்கூடும். அப்போது காரணப்பெயர் இடுகுறியாகிறது. அவ்வாறு ஆகும்போது கதைக்குள் என்ன நிகழ்கிறது என்பதைப் பஞ்சதந்திரத்தைப்போல் தெளிவாகக் காட்டும் நூல் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

முதலில் ஒரு சிறு கதையை எடுத்துக்கொள்ளலாம். முதல் தந்திரமாகிய மித்திரபேதத்துள், ஆட்காட்டிப் பறவைகளின் கதைக்குள், பேடு தன் சேவலுக்குச் சொல்லும் மூன்று மீன்களின் கதை அது. ஒரு குளத்தில் மூன்று மீன்கள் இருந்தன. ஒன்றன் பெயர் அநாகதவிதாதா, இரண்டாவது பிரத்யுத்பன்னமதி, மூன்றாவது யத்பவிஷ்யன். அவ்வழியே சென்ற செம்படவர்கள், இக்குளத்தில் மீன் மிகுதி, நாளை வருவோம் என்று பேசிக்கொண்டனர். முதல் மீன் அன்றிரவே வேறு நீர்நிலைக்குச் சென்றுவிட்டது. இரண்டாவது அங்கேயே தங்கி, வலையில் அகப்பட்டபோது செத்ததுபோல் கிடந்தது. செத்த மீன் என்று செம்படவர்கள் கரையில் போட்டதும் துள்ளி நீருள் பாய்ந்தது. மூன்றாவது அங்குமிங்கும் அலைந்து மாண்டது.

அநாகதம் என்பது இன்னும் வாராதது. விதாதா என்பவன் ஏற்பாடு செய்பவன். வருமுன் காப்போன் எனத் தமிழில் சொல்லலாம். பிரத்யுத்பன்னமதி, அவ்வப்போதைக்குத் தோன்றும் அறிவினன். யத்பவிஷ்யன் என்னும் பெயரோ ஒரு முற்றுப்பெறாத தொடர். 'எது வருமோ' என்பது அதன் பொருள். 'அது வரட்டும்' என்னும் மறுபாதியைக் கேட்பவனே நிரப்பிக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்வதற்கு முன்பே அம்மீனின் வாழ்க்கைக் கொள்கை நமக்குத் தெரிந்துவிடுகிறது. சோம்பேறி என்றோ மூடன் என்றோ அதனை ஆசிரியன் ஏசவில்லை. அது தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் சொல்லைப் பெயராக வைத்துவிட்டான்.

இப்பெயரீட்டின் நுட்பம் மகாபாரதத்தோடு ஒப்பிடும்போது இன்னும் விளங்கும். சாந்தி பருவத்தில் வீடுமன் தருமனுக்கு இதே கதையைச் சொல்கிறான். அங்கே மூன்றாம் மீனின் பெயர் தீர்க்கசூத்திரன். நீண்ட நூலை உடையவன் என்பது சொற்பொருள். எதையும் இழுத்துக்கொண்டே போகிறவன் என்பது கருத்து. நம் மொழியில் நெடுநீர்மை என்று வழங்கும் குற்றம் அது. நிகழ்ச்சிப் போக்கும் முடிவும் பெரிதும் ஒத்தவை. பெயர் மட்டும் வேறு. ஆனால் அந்த ஒரு பெயர் மாறியதால் குற்றமும் மாறிவிட்டது. தீர்க்கசூத்திரன் செய்ய வேண்டியதை அறிந்தும் காலம் தாழ்த்தியவன். யத்பவிஷ்யன் செய்வதற்கு எதுவுமே இல்லை என்று நம்பியவன். முன்னவனுக்கு இன்னொரு நாள் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும். பின்னவனுக்கு நூறு நாள் கிடைத்தாலும் பயனில்லை. இவ்வேறுபாட்டை விளக்க இரு நூல்களிலும் தனி உரை எதுவும் தேவைப்படவில்லை.

பெயருக்குள் குணம் வைப்பது எளிய உத்தியன்றோ எனக் கேட்கலாம். குணத்தின் பெயரையே ஆளின் பெயராக இடுவது எளிதுதான். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதையில் சீடர் ஐவருக்கும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்பன பெயர்கள். ஐந்தும் ஏறத்தாழ ஒரே பொருளன. அங்கே பெயர் குறிப்பன்று, பறை. நகைச்சுவை நூலுக்கு அதுவே பொருந்தும். பஞ்சதந்திரப் பெயர் அவ்வாறு முழங்குவதில்லை. கதை ஓடிய பிறகே பெயரின் காரணம் வெளிப்படுவதும் உண்டு.

இதற்குச் சிறந்த சான்று இரண்டாம் தந்திரத்து எலி. அதன் பெயர் ஹிரண்யகன். ஹிரண்யம் பொன். வலையில் அகப்பட்டு வலையோடே பறந்துவந்த புறாக்களின் கட்டைக் கடித்து விடுவிக்கும் நல்ல நண்பனாகவே அது முதலில் அறிமுகமாகிறது. ஓர் எலிக்குப் பொன்னன் என்று பெயர் வைத்தது ஏன் என்று அப்போது யாரும் கேட்பதில்லை. அழகுக்காக இட்ட பெயர் என்றே தோன்றும். நெடுந்தொலைவு சென்றபின் எலி தன் பழங்கதையைச் சொல்கிறது. துறவி ஒருவரின் மடத்தில், முளையில் உயரத் தொங்கவிடப்பட்ட பிச்சைப் பாத்திரத்துக்கு ஒரே தாவில் தாவும் வல்லமை அதற்கு இருந்தது. இத்தனை சிறிய பிராணிக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது என்று ஐயுற்ற விருந்தினர் ஒருவர் வளையைத் தோண்டச் சொன்னார். அடியில் ஒரு புதையல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்கள். அன்றிரவு எலியால் தாவ முடியவில்லை. அதைச் சூழ்ந்திருந்த எலிகளும் ஒவ்வொன்றாய் விலகின. செல்வத்தின் சூட்டால் வந்த வலிமை செல்வத்தோடு போயிற்று. இப்போது ஹிரண்யகன் என்னும் பெயரைத் திரும்பச் சொல்லிப் பார்த்தால், அதில் பெருமையும் இழப்பும் ஒருங்கே ஒலிக்கின்றன. பொன் போய்விட்டது, பெயரில் மட்டும் நிற்கிறது.

அதே தந்திரத்து ஆமையின் பெயர் மந்தரகன். மந்தம் என்னும் சொல்லைத் தமிழர் அறிவர். ஆமைக்கு மெதுவானவன் என்று பெயரிடுவதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் நண்பனாகிய மான் கண்ணியில் அகப்பட்டபோது, வர வேண்டாத ஆமை அன்பு மிகுதியால் நீரைவிட்டுத் தரைவழியே வந்து சேர்கிறது. வேடன் வருகிறான். காக்கை பறக்கிறது, கட்டறுந்த மான் ஓடுகிறது, எலி வளைக்குள் நுழைகிறது. மந்தரகன் மட்டும் அகப்படுகிறான். பிறகு நண்பர்கள் சூழ்ச்சி செய்து மீட்கிறார்கள் என்பது வேறு. மெதுவான ஒருவன் தன் மெதுவை அறிந்தே புறப்பட்டு வந்தான் என்பதுதான் அவ்விடத்தின் உயிர். குறைபாட்டைச் சொல்லும் பெயர், நட்பின் அளவைக் காட்டும் கோலாகிவிடுகிறது.

எல்லாப் பெயர்களிலும் இவ்வாறு பொருள் தேடுவது கூடாது. சிங்கத்தின் பெயர் பிங்களகன். பொன்னிறம் கலந்த பழுப்பு நிறத்தவன் என்பதே பொருள். அதில் அரச குணம் எதனையும் வலிந்து காண்பது பொருந்தாது. ஒரு பெயர் குறிப்புப்பெயரா, அணிப்பெயரா என்று அறிய ஒரு வழி உண்டு. கதையின் திருப்புமுனை அந்தப் பெயரின் பொருளைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். மந்தரகனும் ஹிரண்யகனும் இச்சோதனையில் தேறுவர், பிங்களகன் தேறான்.

முதல் தந்திரத்தின் மையக்கதைக்கு வருவோம். வர்த்தமானகன் என்னும் வணிகன், வளர்பவன் என்னும் தன் பெயருக்கேற்ப மேலும் பொருள் ஈட்டப் புறப்படுகிறான். வண்டி இழுத்த எருது யமுனைக் கரையில் கால் முறிந்து விழ, அதனைக் கைவிட்டுச் செல்கிறான். இறந்துவிடும் என்று எண்ணப்பட்ட அந்த எருதின் பெயர் சஞ்சீவகன். சஞ்சீவி என்னும் சொல்லை அறிந்த எவரும் அது பிழைக்கும் என்பதை ஊகித்துவிடுவர். பிழைக்கிறது, புல் தின்று கொழுத்து முழங்குகிறது. முழக்கம் கேட்டு அஞ்சிய சிங்கத்தின் முன்னே, பதவியிழந்த அமைச்சன் மக்களாகிய இரு நரிகள் நிற்கின்றன: கரடகன், தமனகன்.

தமனம் என்பது அடக்குதல். அடக்குபவன், வசப்படுத்துபவன் தமனகன். புலனடக்கத்தைக் குறிக்கும் தமம் என்னும் உயர்ந்த சொல்லும் அதே வேரினின்று பிறந்ததே. தன்னை அடக்குவதற்குரிய சொல்லைப் பிறரை அடக்குவதற்குக் கைக்கொண்டவன் என்னும் நகைமுரண் இப்பெயருக்குள் உறைந்திருக்கிறது. தமனகம் என்பது மணமுள்ள மருக்கொழுந்துச் செடிக்கும் பெயராதலின், கேட்பவன் காதுக்கு அது இனிய பெயராகவும் இருந்திருக்கும். கரடம் என்பதற்குக் காக்கை என்றும் யானையின் மதம் பாயும் கன்னம் என்றும் பொருள் உண்டு. எச்சரித்துக் கரைந்துகொண்டே இருந்து, கடைசிவரை எதையும் தடுக்காத நரிக்குக் காக்கையின் பெயர் பொருந்தும் எனத் தோன்றினும், அதனை உறுதியாகச் சொல்வதற்கில்லை.

தமனகன் அரசனின் அச்சத்தை முதலில் அடக்குகிறான். எருதைக் கொணர்ந்து நண்பனாக்குகிறான். நட்பு முற்றி அரசன் வேட்டையை மறக்க, நரிகள் பட்டினி கிடக்கின்றன. பிறகு அந்த நட்பையும் தமனகனே அடக்குகிறான். எருதிடம் சிங்கத்தைப் பற்றியும், சிங்கத்திடம் எருதைப் பற்றியும் கோள் சொல்லி இரண்டையும் மோதவிடுகிறான். சஞ்சீவகன் மடிகிறான். சிங்கம் வருந்துகிறது. தமனகன் ஆறுதல் சொல்லி அமைச்சனாக நீடிக்கிறான். அத்துடன் தந்திரம் முடிகிறது. தண்டனை இல்லை, கண்டன உரை இல்லை.

இங்கே ஒரு தடை எழலாம். பஞ்சதந்திரத்தில் அறவுரை இல்லை என்பது எங்ஙனம் பொருந்தும்? பக்கத்துக்குப் பக்கம் நீதிச் செய்யுள்கள் நிறைந்த நூல் அன்றோ அது? உண்மையே. ஆனால் அச்செய்யுள்களைப் பெரும்பாலும் சொல்பவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். கதைமாந்தரே சொல்கின்றனர். நல்லவனும் சொல்கிறான்; வஞ்சகனும் சொல்கிறான். தமனகன் வாயில் வரும் நீதிகள் குறைவானவை அல்ல. அவற்றைக் கொண்டுதான் அவன் ஒரு நட்பைக் கொல்கிறான். ஆதலால் இந்நூலில் நீதிமொழி என்பது ஒரு கருவி. கத்தியைப்போல யார் கையிலும் இருக்கும். ஆசிரியன் தன் குரலில், யார் வாயிலும் வைக்காமல், மாந்தரைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பு அவர்களுக்கு இட்ட பெயரில்தான் பெரிதும் அடங்கியிருக்கிறது. முகவுரையில் வரும் அரசிளங்குமரர் மூவர் பெயரும் 'சக்தி' என்றே முடிகின்றன; மூவரும் கல்வியில் ஆற்றல் அற்றவர் என்பதை அடுத்த வரியில் அறிகிறோம். நூலின் போக்கு அங்கேயே உணர்த்தப்பட்டுவிடுகிறது.

இந்தப் பெயர்கள் கடல் கடந்தபோது நேர்ந்ததே வரலாற்றுச் செய்தி. கி.பி. 531 முதல் 579 வரை பாரசீகத்தை ஆண்ட குஸ்ரோ அனுஷிர்வான் அவையில் மருத்துவராக இருந்த புர்சோய் என்பவர், இக்கதைகளைப் பஃலவி மொழியில் பெயர்த்தார். அந்நூல் அழிந்துவிட்டது. அதனினின்று ஆறாம் நூற்றாண்டிலேயே சிரியாக் மொழியில் செய்யப்பட்ட பெயர்ப்பு எஞ்சியது; அதன் கையெழுத்துப்படி 1870-ஆம் ஆண்டு மார்தின் நகரத்து மடம் ஒன்றில் அறிஞர் கண்ணில் பட்டது. அதில் நரிகளின் பெயர் கலிலக், தம்னக். பஃலவி எழுத்தில் ரகர லகரங்கள் மயங்குதற்கு இடமுண்டு. அவ்வழியே கரடகன் கலிலக் ஆனான். எட்டாம் நூற்றாண்டின் நடுவில் இப்னுல் முகஃபா அரபு மொழியில் ஆக்கியபோது ஈற்று ஒலியும் தேய்ந்து, கலீலா, திம்னா என நின்றன. நூலுக்கே அதுதான் பெயராயிற்று. சஞ்சீவகன் ஷன்ஸபா ஆனான். புள்ளி மாறிய படிகளில் ஷத்ரபா என்றும் வாசிக்கப்பட்டான். சாவை வெல்லும் பொருள் அச்சொல்லில் இல்லை. சிங்கத்துக்கோ பெயரே இல்லாமல் போயிற்று.

எல்லாப் பெயர்களையும் ஒலியாகவே கொண்டுசென்றனர் என்பதற்கில்லை. ஹிரண்யகனுக்குச் ஸீரக் என்று பாரசீகச் சொல் ஒன்றைப் பெயராக இட்டார்கள். கூர்மதியன் என்பது அதன் பொருள். எலிக்குப் பொருத்தமான பெயரே. ஆனால் புதையலை இழந்த எலிக்குப் பொன்னன் என்னும் பெயர் தந்த வலி, கூர்மதியன் என்பதில் இல்லை. மூன்று மீன்களுக்கு வேறொரு வழி கண்டனர். அரபு நூலில் ஒன்று அறிவுள்ளது, ஒன்று அதனினும் அறிவுள்ளது, ஒன்று கையாலாகாதது. பெயர்கள் அடைமொழிகளாகிவிட்டன. யத்பவிஷ்யனின் விதிக்கொள்கை மறைந்து, வெறும் இயலாமை எஞ்சிற்று. பெயர் சுட்டியதை இப்போது ஆசிரியன் தானே சொல்ல வேண்டியவன் ஆனான்.

அரபு நூலில் மற்றொரு பெரிய மாற்றமும் உண்டு. எருது மாண்டபின் கதை நிற்கவில்லை. திம்னாவின் வழக்கு என்று முழு இயல் ஒன்று தொடர்கிறது. கலீலா திம்னாவை இடித்துரைப்பதைச் சிறுத்தை ஒட்டுக்கேட்டுச் சிங்கத்தின் தாயிடம் சொல்கிறது. வழக்கு மன்றம் கூடுகிறது. திம்னா நாவன்மையால் வாதாடுகிறான். கலீலா துயரத்தால் இறக்கிறான். இறுதியில் சான்று கிடைத்துத் திம்னாவுக்கு மரண தண்டனை. வடமொழி வடிவங்களிலோ பழைய சிரியாக் பெயர்ப்பிலோ இவ்வியல் இல்லை. ஆதலின் இப்னுல் முகஃபாவே இதனைச் சேர்த்திருத்தல் வேண்டும் என்பர் ஆய்வாளர் பலர்.

பெயரின் காரணம் மறைந்ததே இச்சேர்க்கைக்குக் காரணம் என்று துணிவது மிகையாகும். குற்றவாளி தண்டனையின்றி அமைச்சனாய் வாழ்வதை ஏற்கும் நீதிசாத்திர மரபு வேறு. அதனை ஏற்காத சமய, சமூகச் சூழல் வேறு. அரசவைச் செயலராய் இருந்து, பின்னர்க் கொல்லப்பட்ட அம்மொழிபெயர்ப்பாளர்க்கு, கோள் சொல்லியால் வரும் கேடு ஏட்டறிவு மட்டுமாய் இருந்திருக்க முடியாது. எனினும் இவ்விரண்டும் ஒரே நூலில் ஒருங்கு நிகழ்ந்தன என்பது கருதத்தக்கது. தமனகன் என்று கேட்ட வடமொழிக் கேள்வனுக்கு அவன் யார் என்று முதலிலேயே தெரியும். தீர்ப்பு அவனோடு உடன்வந்தது. திம்னா என்று கேட்ட அரபுக் கேள்வனுக்கு அவ்வாறு தெரியாது. அவனுக்காக ஒரு மன்றமும் சான்றும் தண்டனையும் வேண்டியிருந்தன.

பொருளற்ற பெயரை மனித மனம் நெடுநாள் பொறுத்திருப்பதில்லை. பதினொன்றாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசன் அலெக்சியஸ் கொம்னேனசுக்காகச் சிமியோன் சேத் என்பவர் அரபு நூலைக் கிரேக்கத்தில் ஆக்கினார். கலீலா என்பதில் அவர் முடியைக் குறிக்கும் இக்லீல் என்னும் அரபுச் சொல்லைக் கண்டார். திம்னா என்பதற்கு அரபியில், கூடாரம் பெயர்ந்தபின் நிலத்தில் எஞ்சும் சுவடு என்று பொருள். ஆகவே ஒரு நரி ஸ்தெபானித்தேஸ், அதாவது முடிசூடியவன். மற்றது இக்னெலாத்தேஸ், சுவடு தேடிச் செல்பவன். வடமொழியில் காரணப்பெயராய்ப் பிறந்து, பாரசீக வழியில் இடுகுறியாய்த் தேய்ந்து, அரபு ஒலியில் தற்செயலாய் ஒரு பொருளைப் பற்றி, கிரேக்கத்தில் மீண்டும் காரணப்பெயராயிற்று. காரணம்தான் புதிது. ஆயினும் ஒரு வியப்பு உண்டு. பிறர் மனத்தின் சுவட்டை மோப்பம் பிடித்துத் தொடர்பவன் என்னும் பெயர், அரசனின் அச்சத்தை முதலில் கண்டுகொண்ட அந்நரிக்குப் பொருந்தாமல் போகவில்லை. தவறான வேர்ச்சொல் ஆராய்ச்சி சரியான இடத்தில் கொண்டுவிட்ட அரிய நிகழ்ச்சி இது.

தமிழில் இந்நூலைப் பரவலாக அறியச்செய்தது தாண்டவராய முதலியாரின் உரைநடைப் பஞ்சதந்திரம். மராத்தியிலிருந்து பெயர்க்கப்பட்டு 1826-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் பாரிசில், தென்னாட்டு மொழிச் சுவடிகளைக் கொண்டு துபுவா பாதிரியார் பிரெஞ்சில் ஆக்கிய பஞ்சதந்திரமும் வெளியாயிற்று. பரமார்த்த குருவின் கதையையும் அவர் அந்நூலிலேயே சேர்த்திருந்தார். குறிப்பாய் நிற்கும் பெயர்களும் பறையாய் முழங்கும் பெயர்களும் ஒரே அட்டைக்குள் அமைந்தன.

தமிழ் வாசகர் நிலை பாரசீகரின் நிலையினின்று வேறானது. வடசொற்கள் பல நம் வழக்கில் கலந்திருப்பதால், சஞ்சீவகனும் மந்தரகனும் நமக்குப் பாதி விளங்குகின்றனர், தமனகன் விளங்குவதில்லை. ஒரே கதையில் சில பெயர் காரணப்பெயராகவும் சில இடுகுறியாகவும் நம் காதில் விழுகின்றன. சிறுவர்க்கெனச் சுருக்கி எழுதப்படும் பதிப்புகள் பலவற்றில் இந்தத் தொல்லை தீர்க்கப்பட்டுவிட்டது. அங்கே ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருக்கிறது. அதனிடம் ஒரு நரி வருகிறது. ஒரு குளத்தில் மூன்று மீன்கள் இருக்கின்றன. எவருக்கும் பெயர் இல்லை. கதையின் கீழே ஒரு கோடிட்டு, 'நீதி' என்று தலைப்பிட்டு, இரண்டு வரி அச்சிடப்பட்டிருக்கிறது.